பிணத்தைச் சுமந்த ராஜா பதில் சொல்லாத ஒரே கேள்வி

‘வேதாளம் மறுபடியும் முருங்கை மரம் ஏறிவிட்டது’ என்று சலித்துக்கொள்ளாத வீடு தமிழ்நாட்டில் இருக்காது. அம்புலிமாமா படித்து வளர்ந்தவர்களுக்கு, தோளில் பிணமும் கையில் வாளுமாகச் சுடுகாட்டைக் கடக்கும் விக்கிரமனின் படம் இன்றும் கண்ணில் நிற்கும். ராஜா அறிவாளி, வேதாளம் போடுகிற புதிருக்கெல்லாம் சரியான விடை சொல்லிவிடுவான் என்றுதான் நமக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த விடைகள் யாருக்குச் சரி என்று மட்டும் யாரும் கேட்கச் சொல்லவில்லை. நாம் கேட்போம்.

இந்தக் கதைகளின் புகழ்பெற்ற சமஸ்கிருத வடிவம் 11ஆம் நூற்றாண்டில் காஷ்மீரத்தில் எழுதப்பட்ட ‘கதாசரித்சாகரம்’ என்ற பெருந்தொகுப்பில் இருக்கிறது. எழுதியவர் சோமதேவர் என்ற பார்ப்பனர். அரசி சூரியவதியின் மனம் மகிழ எழுதினார். அதில் ராஜாவின் பெயர் திரிவிக்கிரமசேனன். அவனிடம் ஒரு துறவி தினமும் ஒரு பழம் கொண்டுவந்து கொடுக்கிறான். பழத்துக்குள் ரத்தினம் இருப்பது வெகுநாள் கழித்துத்தான் தெரிகிறது. கைம்மாறாக அவன் கேட்பது ஒரு வேலை: நள்ளிரவில் சுடுகாட்டுக்கு வந்து, மரத்தில் தொங்கும் பிணத்தை இறக்கிக்கொண்டு வர வேண்டும். பிணத்துக்குள் வேதாளம் புகுந்திருக்கிறது. அது வழியில் கதை சொல்லும், கடைசியில் கேள்வி கேட்கும். விடை தெரிந்தும் சொல்லாவிட்டால் ராஜாவின் தலை வெடிக்கும். சொன்னால் மௌனம் கலைந்து பிணம் மரத்துக்கே திரும்பிவிடும்.

இந்த அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். கேள்வியை யார் கேட்கிறார்கள், எந்தச் சட்டகத்துக்குள் கேட்கிறார்கள் என்பதெல்லாம் முன்பே முடிவாகிவிட்டது. கொடுத்த பெயர்களுக்குள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். ‘இந்தக் கேள்வியே தப்பு’ என்று சொல்ல இடமில்லை. ராஜா விடை சொல்லச் சொல்ல, பிணம் ஓர் அடிகூட முன்னேறுவதில்லை. ‘சரியான’ விடை 23 முறை சொல்லப்படுகிறது, 23 முறையும் பிணம் பழைய இடத்துக்கே போய்ச் சேர்கிறது.

அந்த விடைகளில் இரண்டை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

நான்காவது கதையில் சூத்ரகன் என்றொரு ராஜா. அவனிடம் வீரவரன் என்பவன் கூலிக்குக் காவல் வேலை பார்க்கிறான். ராஜா சாகப்போகிறான், மகனைப் பலி கொடுத்தால் பிழைப்பான் என்று தெரியவருகிறது. வீரவரன் மகனின் தலையை வெட்டுகிறான். அந்தத் துக்கத்தில் மகள் சாகிறாள், மனைவி தீயில் விழுகிறாள், கடைசியில் அவனும் தன் தலையை வெட்டிக்கொள்கிறான். ஒளிந்திருந்து எல்லாவற்றையும் பார்த்த சூத்ரகன் தன் தலையையும் வெட்டிக்கொள்ள வாளை ஓங்கும்போது தெய்வம் தடுத்து, எல்லோரையும் உயிர்ப்பிக்கிறது. இவர்களில் பெரியவர் யார் என்பது வேதாளத்தின் கேள்வி.

திரிவிக்கிரமசேனனின் விடை: சூத்ரகன். எசமானுக்காகச் சாவது வேலைக்காரனின் கடமை, அதில் வியப்பதற்கு ஒன்றுமில்லை. வேலைக்காரனுக்காக ராஜா உயிரைவிடத் துணிந்ததுதான் அதிசயம். ஒரு குடும்பமே அழிந்திருக்கிறது, அது கடமைக் கணக்கில் போய்விட்டது. ஓங்கிய வாள் கழுத்தில் படக்கூட இல்லை, அது பெருந்தன்மைக் கணக்கில் ஏறிவிட்டது. கீழே இருப்பவன் செய்தால் கடமை, மேலே இருப்பவன் செய்ய நினைத்தாலே தியாகம். சாதிச் சமூகம் உழைப்புக்கு விலைபோடும் முறை முழுக்க இந்த ஒரு விடைக்குள் இருக்கிறது.

ஒன்பதாவது கதை இன்னும் நேரடியானது. உஜ்ஜயினி ராஜாவின் மகள் அனங்கரதிக்குக் கல்யாணப் பேச்சு எழுகிறது. ஏதாவது ஒரு வித்தையை முழுமையாகக் கற்ற, அழகான இளைஞனுக்குக் கொடுங்கள் என்கிறாள். நிபந்தனை அவ்வளவுதான். குலம் என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை. நான்கு பேர் வருகிறார்கள்.

முதல் ஆள் சூத்திரன், நெசவாளி. தினமும் ஐந்து ஜோடி உயர்ந்த துணிகள் செய்வான். ஒன்று சாமிக்கு, ஒன்று பார்ப்பனருக்கு, ஒன்று தனக்கு, ஒன்று மனைவி வந்தால் அவளுக்கு, ஐந்தாவதை விற்றுச் சாப்பாடு. இரண்டாமவன் வைசியன், விலங்குகள் பறவைகளின் மொழி அறிந்தவன். மூன்றாமவன் வாள் வித்தை தெரிந்த சத்திரியன். நான்காமவன் செத்த பெண்ணை உயிர்ப்பிக்கத் தெரிந்த பார்ப்பனன். இவளை யாருக்குக் கொடுக்க வேண்டும்?

அனங்கரதி கேட்டது வித்தை. அந்த அளவுகோலை எடுத்திருந்தால் குறைந்தபட்சம் நான்கு பேரின் திறனையும் எடைபோட்டுப் பார்த்திருக்க வேண்டும். ராஜா அந்தப் பக்கமே போகவில்லை. சத்திரியப் பெண்ணைச் சூத்திர நெசவாளிக்கு எப்படிக் கொடுப்பது என்று முதல் ஆளைத் தள்ளுகிறான். மிருக பாஷை தெரிந்து என்ன பயன் என்று இரண்டாமவனைத் தள்ளுகிறான். தன் குலத்தொழிலை விட்டு மாயவித்தைக்குப் போனவன் என்று பார்ப்பனனையும் தள்ளுகிறான். ஆகவே சொந்தக் குலத்தைச் சேர்ந்த, வீரமுள்ள வாள்காரனுக்கே அவள் உரியவள். செத்தவரை எழுப்பும் திறன்கூட இங்கே எடுபடவில்லை என்பதைக் கவனியுங்கள். பார்ப்பனனுக்குச் சலுகை காட்டும் விடை இல்லை இது. ஒவ்வொருவரும் அவரவர் கட்டத்துக்குள் நில்லுங்கள் என்கிற விடை. வருணம் என்பது இதுதான்.

‘அந்தக் காலத்து மனிதன் அப்படித்தான் யோசித்திருப்பான்’ என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அடுத்த கதையையே படிக்கட்டும். பத்தாவது கதையில் கணவன், காதலன், திருடன் மூவரில் உண்மையான பெருந்தன்மை யாருக்கு என்ற கேள்விக்கு, திருடனுக்கு என்கிறான் இதே ராஜா. இழிந்த வாழ்க்கை வாழ்பவனிடமும் குணத்தைப் பார்க்க அவனுக்குக் கண் இருக்கிறது. கல்யாணம் என்று வந்ததும் அந்தக் கண் மூடிக்கொள்கிறது. யோசிக்கத் தெரியாததல்ல பிரச்சினை. எங்கே யோசிப்பதை நிறுத்த வேண்டும் என்று அவனுக்குத் துல்லியமாகத் தெரிந்திருப்பதுதான் பிரச்சினை.

இது நமக்குப் பழக்கமான தந்திரம். இடஒதுக்கீடு என்றால் ‘தகுதி, திறமை’ என்று கூச்சல் போடுகிற அதே வாய், வீட்டில் பெண் பார்க்கும்போது ‘நம்ம ஆளுங்களா?’ என்று கேட்கிறது. கல்லூரி வாசலில் திறமை அளவுகோல், கல்யாண வாசலில் பிறப்பு அளவுகோல். உடுமலைப்பேட்டை சங்கர் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். ஆதிக்கச் சாதிப் பெண்ணைக் காதலித்து மணந்த அந்தத் தலித் இளைஞரை 2016 மார்ச்சில் பட்டப்பகலில் நடுத்தெருவில் வெட்டிக் கொன்றார்கள். படிப்பு அவரைக் காப்பாற்றவில்லை, அவரை விரும்பி மணந்த பெண்ணின் சம்மதமும் காப்பாற்றவில்லை. அனங்கரதி விரும்பிய வித்தை எந்தக் கணக்கில் எழுதப்பட்டதோ, அதே கணக்கில்தான் இவையும் எழுதப்பட்டன.

இப்போது பிணத்துக்கு வருவோம். ராஜா பிணம் சுமக்கிறான், இதுதான் மொத்தக் கதையின் வியப்பு. இந்த வியப்பு எங்கிருந்து வருகிறது? பிணம் சுமக்க வேண்டியவர்கள் வேறு யாரோ என்று கதை சொல்பவரும் கேட்பவரும் ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருப்பதிலிருந்துதான். மனுஸ்மிருதியின் பத்தாவது அத்தியாயம் உறவினர் இல்லாத பிணங்களை அகற்றும் வேலையைச் சண்டாளர் தலையில் கட்டுகிறது. தமிழ்நாட்டில் ‘வெட்டியான்’ என்று பெயர் சூட்டி, சாவுச் சேதி சொல்லவும் பறையடிக்கவும் பிணம் எரிக்கவும் ஒரு மக்கள் கூட்டத்தைத் தலைமுறை தலைமுறையாக நிர்ப்பந்தித்தோம். ராஜா ஓர் இரவு சுமக்கிறான், விடிந்ததும் ராஜாவாகவே திரும்புகிறான், கூடுதலாக வித்தியாதரர்களின் ஆட்சியும் வாக்களிக்கப்படுகிறது. அவன்மேல் எந்தத் தீட்டும் ஒட்டவில்லை. வாழ்நாளெல்லாம் சுமந்தவர்களுக்குத் தீட்டு மட்டுமே கூலி. வீரவரன் கதையில் பார்த்த அதே கணக்கு: அவனுக்கு வீரம், இவர்களுக்குக் கடமை.

ஆனால் இந்தத் தொடர் தன்னையறியாமல் ஓர் உண்மையைப் போட்டு உடைக்கிறது. அது 24ஆவது கேள்வி. காட்டில் தஞ்சம் புகுந்த ஒரு தாய், மகள் இருவரின் காலடித் தடங்களை ஒரு ராஜாவும் அவன் மகனும் பார்க்கிறார்கள். பெரிய தடம் அப்பாவுக்கு, சிறிய தடம் மகனுக்கு என்று அப்போதே பங்கு போட்டுக்கொள்கிறார்கள். கண்டுபிடித்த பிறகு பார்த்தால் பெரிய பாதம் மகளுடையது, சிறிய பாதம் தாயுடையது. அப்பா மகளையும் மகன் தாயையும் கட்டிக்கொள்கிறார்கள். இரு ஜோடிக்கும் பிள்ளைகள் பிறக்கின்றன. அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் என்ன உறவு?

மாமனா, மருமகனா, சித்தப்பனா, பேரனா? எந்தப் பக்கம் எண்ணினாலும் இன்னொரு பக்கம் இடிக்கிறது. முறை குழம்பிவிட்டது. 23 முறை தயங்காமல் தீர்ப்புச் சொன்னவன் இப்போது வாயை மூடிக்கொண்டு நடக்கிறான். சாவுக்கும் தியாகத்துக்கும் காதலுக்கும் விடை வைத்திருந்தவனிடம், ரத்த வரிசை கலைந்த இடத்தில் விடை இல்லை. 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் வாசித்த ‘இந்தியாவில் சாதிகள்’ கட்டுரையில் அம்பேத்கர் இதைத்தான் சுட்டினார்: சாதியின் உயிர் அகமணத்தில் இருக்கிறது, அதைக் காக்கப் பெண்களைக் கட்டுக்குள் வைத்தாக வேண்டும். 20 ஆண்டுகள் கழித்து ‘சாதி ஒழிப்பு’ நூலில், கலப்பு மணமே உண்மையான மருந்து என்றார். யார் யாரைக் கட்டலாம் என்ற வரிசை உடைந்தால் யார் மேல், யார் கீழ் என்று சொல்லும் நாக்கும் கட்டிப்போகிறது.

அந்த மௌனத்தில்தான் பிணம் முதல்முறையாக மரத்துக்குத் திரும்பாமல் இருக்கிறது. துறவி உன்னைப் பலிகொடுக்கத்தான் வரச்சொன்னான் என்ற ரகசியத்தை வேதாளம் அப்போதுதான் சொல்கிறது. அதாவது, ராஜா இரவெல்லாம் சுமந்தது தன் சொந்தச் சாவை. விடை சொல்லிச் சொல்லி அந்தச் சுமையைத் தொடர்ந்துகொண்டிருந்தவனும் அவனேதான்.

இந்தக் கதைகளைக் கொளுத்த வேண்டாம். குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். ஆனால் ஒன்பதாவது கதையைச் சொல்லும்போது ராஜாவின் விடையோடு நிறுத்திவிடாதீர்கள். அனங்கரதி என்ன கேட்டாள், அந்த நெசவாளி ஒரு நாளில் என்ன செய்தான், அவளிடம் கேட்காமல் வேதாளம் ஏன் ராஜாவிடம் கேட்டது என்று பிள்ளைகளைக் கேட்கவிடுங்கள். நாளை உங்கள் வீட்டிலேயே யாராவது ‘இந்தப் பெண்ணை யாருக்குக் கொடுக்கலாம்?’ என்று ஆரம்பித்தால், பட்டியலில் ஒரு பெயரைத் தேடாதீர்கள். கொடுப்பதற்கு நீங்கள் யார் என்று கேளுங்கள். தலை ஒன்றும் வெடித்துவிடாது.