லயத்து வாசலில் வெடி, உள்ளே பச்சைப் பிள்ளை



தீபாவளி, பெருநாள், டிசம்பர் 31, கிரிக்கெட் வெற்றி, கலியாணம் எதுவானாலும் நானுஓயாவில் வெடி வெடிப்பது லயத்து வாசலில்தான். "வருசத்துல ஒரு நாள்தானே" என்று சொல்பவர்களிடம் எங்களுக்கு ஒரு கணக்கு இருக்கிறது.

இந்தியச் சட்டப்படி, 4 மீற்றர் தூரத்தில் வெடியின் உச்சச் சத்தம் 145 டெசிபலைத் தாண்டக் கூடாது. பிள்ளைகளின் காதுக்கு 120க்கு மேல் படவே கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 1999இலேயே சொல்லிவிட்டது. திறந்த வெளியில் தூரம் இரட்டிப்பாகும்போது சத்தம் 6 டெசிபல் குறையும். அப்படியென்றால் 8 மீற்றரில் 139, 16இல் 133, 32இல் 127, 64 மீற்றரில்கூட 121. சட்டத்துக்கு உட்பட்ட வெடிக்கே சுமார் 70 மீற்றர் தள்ளி நிற்க வேண்டும். நம்ம லயத்தில் வாசலுக்கும் தொட்டிலுக்கும் இடையில் எத்தனை அடி? நடுவில் ஒரு இஸ்தோப்பும் ஒரு பலகைக் கதவும்தான். எதிர்ச் சுவரில் பட்டுத் திரும்பும் சத்தம் வேறு. காதில் பஞ்சு வைத்தால் சரி என்பார்கள். பஞ்சு இந்தச் சத்தத்தைத் தடுக்காது. உட்காதில் அழிந்த நுண்மயிர்க் கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. காது இரைகிறது என்று சொல்ல அந்தப் பிள்ளைக்கு வாயும் இல்லை.

அடுத்தது புகை. குளிர் இரவில் நம்ம பள்ளத்தாக்கில் காற்று அசையாமல் கிடக்கும், புகை மேலே போகாது, கூரை இடுக்கு வழியாகக் காம்பராவுக்குள் இறங்கும். நாம் நிமிடத்துக்கு 12 முதல் 20 தடவை மூச்சு விடுகிறோம். பிறந்த பிள்ளை 30 முதல் 60 தடவை. மூச்சுக்குழாயோ மிகவும் ஒடுக்கம். இரண்டு மாதத்துக்குக் குறைந்த பிள்ளை அமைதியாக இருக்கும்போதே நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்கினால், நெஞ்சு உள்ளே குழிந்தால், பால் குடிக்க மறுத்தால், உதடு நீலம் பாரித்தால், விடியும்வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"இது எங்கள் மத உரிமை" என்பவர்களுக்கு எங்கள் சமூகத்தின் வழக்கையே சொல்கிறோம். வெலிகமவில் ஒரு பள்ளிவாசலின் ஒலிபெருக்கி தொடர்பான வழக்கில், 2007 நவம்பரில் இலங்கை உயர் நீதிமன்றம் இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி வழங்கக் கூடாது என்றது. விசேட நிகழ்ச்சிக்கு அனுமதி தருவதானாலும் முதலில் அக்கம்பக்கத்தாரின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றது. அது ஒலிபெருக்கிக்கான தீர்ப்பு, வெடிக்கானது அல்ல, தெரியும். ஆனால் பள்ளிவாசல் ஒலிபெருக்கிக்கே அக்கம்பக்கத்தைக் கேட்க வேண்டுமென்றால், வெடிக் கட்டுக்குக் கேட்காமல் விடலாமா?

வெடியே வேண்டாம் என்று நாங்கள் சொல்லவில்லை. மைதானத்துக்குக் கொண்டு போங்கள், இரவு 10 மணிக்கு முன் முடியுங்கள். கைப்பிள்ளை உள்ள வீட்டுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள், தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப் போகட்டும். எந்தெந்தக் காம்பராவில் கைப்பிள்ளை இருக்கிறது என்பது லயத்தில் எல்லோருக்கும் தெரியும்.