சாட்சிக் கையெழுத்து போட்ட நாங்கள்

ஊரிலிருந்து வேலைக்கு வரும் பிள்ளைகளுக்குச் சென்னையில் வீடு பிடித்துக் கொடுப்பது எங்களுக்குப் பெருமை. அட்வான்ஸைக் குறைத்துப் பேசுவோம், தண்ணீர் வருமா என்று கேட்போம். அக்ரிமென்ட் வந்ததும் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போடுவோம். நடுப் பக்கங்களைப் படித்ததில்லை. சட்டப்படி, கையெழுத்துப் போட்டதைப் பார்த்தவர்தான் சாட்சி, ஷரத்துகளுக்குப் பொறுப்பாளி அல்ல. அந்தச் சாக்கு எங்களுக்கு வசதியாக இருந்தது. பிள்ளைகளோ, ‘மாமா பார்த்துக்கிட்டார்’ என்று நம்பினார்கள்.

அப்படி ஒரு அக்ரிமென்ட்: வாடகை 15,000, அட்வான்ஸ் 1,50,000. காலி செய்ய இரண்டு மாதம் முன்பே ‘எழுத்து மூலம்’ சொல்ல வேண்டும், குறைகிற நாளுக்கு வாடகை பிடிக்கப்படும் என்று ஒரு வரி. பையன் மார்ச் 5 அன்று போனில் சொன்னான், 31 அன்று சாவியைக் கொடுத்தான். போனில் சொன்னது கணக்கில் வராது என்று வீட்டுக்காரர் முழு இரண்டு மாதம், 30,000 பிடித்தார். போனில் சொன்ன அன்றே ஒரு கடிதம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்கியிருந்தால் கெடு மே 5 வரைதான். ஏப்ரலும் மேயில் ஐந்து நாளும் சேர்த்து ஏறக்குறைய 17,500 ரூபாயோடு போயிருக்கும். ‘எழுத்து மூலம்’ என்ற இரண்டு சொல்லை நாங்கள் விரல் வைத்துக் காட்டவில்லை.

பெயின்ட்டுக்கு ஒரு மாத வாடகை என்று இன்னொரு வரி. சுவர் அழுக்கானால் என்ற நிபந்தனையே அதில் இல்லை. சுவர் எப்படி இருந்தாலும் 15,000 போகும். மீதி 1,05,000 எப்போது வரும்? ‘புதிய வாடகைதாரர் குடிவந்த பின்’. அது தேதியே இல்லை. ஆறு மாதம் வீடு பூட்டிக் கிடந்தால் பணமும் பூட்டிக் கிடக்கும்.

தமிழ்நாட்டின் 2017 வாடகைச் சட்டம், வேறு விதமாக ஒப்பந்தம் இல்லாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகையைத் தாண்டக் கூடாது என்கிறது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், பாக்கியைக் கழித்துத் திருப்பித் தரவும் சொல்கிறது. அந்த ‘வேறு விதமான ஒப்பந்தம்’தான் சாட்சியாக நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கப் பிள்ளைகள் கையெழுத்திட்ட பத்து மாத அட்வான்ஸ். அபராதத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. இந்திய ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவின்படி, எழுதிய தொகை உச்ச வரம்புதான். அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும். ஆனால் பணம் வீட்டுக்காரர் கையில் இருக்கும்போது கோர்ட்டுப் படி ஏற வேண்டியவன் பையன்தான்.

எல்லாம் கையெழுத்துக்கு முன் பத்து நிமிட வேலை. ‘புதிய வாடகைதாரர்’ வரியை அடித்து, ‘சாவி ஒப்படைத்த 30 நாளுக்குள்’ என்று எழுதி, பக்கத்திலேயே இருவரும் சுருக்கொப்பமிட்டால் போதும். பெரும்பாலான வீட்டுக்காரர்கள் இதற்கு முகம் சுளிப்பதில்லை. நாங்கள்தான் நல்ல நேரம் தாண்டிவிடும் என்று பேனாவை நீட்டினோம்.