பின்சக்கரத்துக்கு வேலி எங்கே?

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் எந்தப் பட்டறைக்குள் நுழைந்தாலும், சுழலும் பெல்ட்டுக்கும் பல்சக்கரத்துக்கும் மேல் ஓர் இரும்புக் கூண்டு இருக்க வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் 21ஆவது பிரிவில் அதைக் கட்டாயமாக்கியது. ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரத்தைக் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டியவர் உடலோடு ஒட்டிய உடைதான் அணிந்திருக்க வேண்டும் என்றது அடுத்த பிரிவு. தளர்ந்த துணியும் சுழலும் இரும்பும் சந்தித்தால் என்ன ஆகும் என்பது தொழிற்பேட்டைக்கு நன்றாகத் தெரியும். ஷிஃப்ட் முடிந்ததும் அங்கே வேலை செய்யும் பெண் ஒருவர், மேலே போட்டிருந்த கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு, துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றி இரு முனைகளையும் முதுகுப் பக்கம் தொங்கவிட்டுக்கொண்டு, கேட்டுக்கு வெளியே காத்திருக்கும் பைக்கில் ஏறுகிறார். அவர் உட்காரும் இடத்திலிருந்து இரண்டு சாண் கீழே, அந்தப் பட்டறையின் எந்தப் பல்சக்கரத்துக்கும் சளைக்காத வேகத்தில் ஒரு சக்கரம் சுற்றப் போகிறது. அதற்கும் ஒரு வேலியைச் சட்டம் கேட்கிறது. அந்த வேலி இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆள் இல்லை.

1989ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 123ஆவது விதி இதைப் பற்றியது. பின்னால் ஒருவர் உட்கார இடமுள்ள எந்த மோட்டார் சைக்கிளிலும் நிலையான கைப்பிடி, கால் வைக்கும் படி, பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் ஒரு தடுப்பு ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். தடுப்பு எதற்கு என்பதையும் விதியே சொல்கிறது: பின்னால் இருப்பவரின் உடை சக்கரத்தில் சிக்காமல் இருப்பதற்கு. நம் கடைகளில் சாரி கார்டு என்று கேட்டு வாங்குவது இதைத்தான். விதி வந்து ஏறத்தாழ இருபது ஆண்டுகள் கழித்தும் இந்த மூன்றும் முழுமையாக இல்லாத வண்டிகள் விற்பனையில் இருந்ததால், மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் 2008இல் தலையிட வேண்டியிருந்தது. வாகன உற்பத்தியாளர்கள் உச்ச நீதிமன்றம் வரை போனார்கள். 2018இல் அங்கும் அவர்கள் வாதம் எடுபடவில்லை.

ஒருக்களித்து உட்காருவது சட்ட விரோதமா என்று பலர் கேட்கிறார்கள். பிரிட்டனில் அது குற்றம். அங்கே 1988இல் இயற்றப்பட்ட சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 23ஆவது பிரிவு, பின்னால் அமர்பவர் இருபுறமும் கால் போட்டுத்தான் அமர வேண்டும் என்கிறது. அதே 1988இல் நாம் இயற்றிய மோட்டார் வாகனச் சட்டத்தின் 128ஆவது பிரிவு ஏறக்குறைய அதே அமைப்பில்தான் போகிறது: ஓட்டுநரைத் தவிர ஒருவர் மட்டுமே, ஓட்டுநருக்குப் பின்னால், உறுதியாகப் பொருத்தப்பட்ட இருக்கையில், தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளுடன். கால் போடும் நிபந்தனை மட்டும் இல்லை. சேலை உடுத்தும் நாட்டில் அந்த நிபந்தனையைப் போட முடியாது என்பது யாருக்கும் புரியும். அதற்கு ஈடாகத்தான் 123ஆவது விதியில் துணியைக் காக்கும் தடுப்பு இருக்கிறது என்று நான் வாசிக்கிறேன். பெண்கள் எப்படி வேண்டுமானாலும் உட்காரட்டும், ஆபத்தைத் தடுக்கும் பொறுப்பு வண்டியுடையது என்பதே அதன் பொருள். 'ஏன் ஒருக்களித்து உட்காருகிறாய், ஏன் துப்பட்டா போடுகிறாய்' என்று பின்னால் இருப்பவரைக் குடைவதற்கு முன் வண்டியைத்தான் பார்க்க வேண்டும்.

ஆனால் அந்த உட்காரும் முறையின் ஆபத்தைக் குறைத்துச் சொல்லவும் கூடாது. நம் ஊரில் ஒருக்களித்து உட்காருபவர்கள் எல்லோரும் இடப்பக்கம் பார்த்தே உட்காருகிறார்கள். ஏறி இறங்க ஓரம் அந்தப் பக்கம்தான். அப்படியானால் முதுகு நடுச்சாலையைப் பார்க்கிறது. வலது கை ஓட்டுபவரின் தோளில் இருக்கும். கைப்பிடிக் கம்பியைப் பற்ற வேண்டிய இடது கையில் பெரும்பாலும் ஒரு பையோ, மடியில் குழந்தையோ இருக்கும். இரு கால்களுக்கும் சேர்த்து இடப்பக்கத்தில் ஒரே ஒரு மடக்குப் படி. அதில் ஒரு பாதத்தின் பாதிதான் நிற்கும். கால் போட்டு உட்கார்ந்தவர் பிரேக் அடிக்கும்போது தொடைகளால் இருக்கையைக் கவ்வி, இரு படிகளிலும் ஊன்றிக்கொள்வார். ஒருக்களித்தவருக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. பூந்தமல்லி–ஆவடி சாலையில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும்போது அவர் இருக்கையை விட்டு எழும்பினால், பின்புறமாகத்தான் சாய்வார். பின்னால் வலப்பக்கம் முந்திக்கொண்டு வரும் லாரிக்கும் பேருந்துக்கும் உரிய தடம் அது.

அகலமான தகட்டுப் படி ஒன்றை இடப்பக்கத்தில் பொருத்தினால் நிலைமை கொஞ்சம் மாறும். லேடீஸ் ஃபுட்ரெஸ்ட் என்று கேட்டால் ஜி.பி. ரோடு முதல் ஆவடி வரை உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். இரு பாதங்களும் தட்டையாக ஊன்ற இடம் கிடைத்தால், உடல் இருக்கையில் வழுக்குவது குறைகிறது.

துணியின் கதைக்கு வருகிறேன். சாதாரண நூறு சிசி பைக்கின் 18 அங்குலப் பின்சக்கரம், டயரோடு சேர்த்து ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 1.9 மீட்டர் உருளும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வண்டி விநாடிக்கு எட்டு மீட்டருக்கு மேல் போகிறது. சக்கரம் விநாடிக்கு நாலு முறைக்கு மேல் சுற்றுகிறது. துப்பட்டா முனை ஆரக்கம்பிகளுக்குள் நுழைந்து நடுவிலுள்ள பிரேக் டிரம்மில் சுற்றத் தொடங்கினால், டிரம்மின் சுற்றளவு அரை மீட்டருக்குச் சற்றுக் குறைவு என்பதால், விநாடிக்கு இரண்டு மீட்டர் துணியை அது விழுங்கும். கழுத்துக்கும் சக்கரத்துக்கும் நடுவே தொங்கும் துணி ஒரு மீட்டர்தான் இருக்கும். அது அரை விநாடியில் தீர்ந்துவிடும். பின்னாலிருந்து அலறல் கேட்டு, ஓட்டுபவரின் கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு விநாடி ஆகிறது. 'கவனமாக ஓட்டினால் போதும்' என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும்.

தொண்டையின் முன்புறம் சுற்றிப் பின்னால் விட்ட துப்பட்டா இப்படி இழுபட்டால், குரல்வளையும் மூச்சுக்குழாயும் நசுங்கும், கழுத்தெலும்பு முறியலாம். 1927இல் பிரான்ஸின் நீஸ் நகரில் நடனக் கலைஞர் இசடோரா டங்கன் இறந்தது இப்படித்தான். அவர் அணிந்திருந்த நீண்ட கழுத்துத் துணி காரின் சக்கரத்தில் சிக்கியது. மருத்துவ நூல்கள் இந்தக் காயத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கின்றன. நம் மருத்துவர்கள் அதைத் துப்பட்டா காயம் என்றே எழுதுகிறார்கள். சேலையில் கழுத்துக்கு ஆபத்து குறைவு, ஆனால் தோளில் குத்திய ஊக்கு துணியை விடாது. முந்தானை உருவிக்கொண்டு போவதற்குப் பதிலாக ஆளையே சேர்த்து இழுக்கும்.

இந்த இடத்தில்தான் நம் சாரி கார்டின் பெரிய குறை தெரிகிறது. நம் பைக்குகளில் அது இருப்பது இடப்பக்கம் மட்டும். செயின் அந்தப் பக்கம், கால்களும் கொசுவமும் தொங்குவதும் அந்தப் பக்கம் என்பதால் அது சரிதான். ஆனால் முந்தானை இடது தோளைத் தாண்டி முதுகில் விழுகிறது. இடப்பக்கம் பார்த்து உட்கார்ந்தவரின் முதுகு வலப்பக்கம் இருக்கிறது. ஆகவே முந்தானையின் நுனியும் துப்பட்டாவின் முனைகளும் போய்த் தொங்குவது வலப்பக்கச் சக்கரத்தின் அருகே. அங்கே சைலன்சரைத் தவிர ஒரு மறைப்பும் இல்லை. பாதிச் சக்கரம் மறைய வேண்டும் என்ற விதி, இரு பக்கமும் மறைய வேண்டும் என்று விரித்துச் சொல்லவில்லை. ஒரு பக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் எழுத்துக்குப் போதுமானதாக இருக்கலாம், நோக்கத்துக்குப் போதாது. ஸ்கூட்டரில் சக்கரம் சிறியது, உடற்பகுதிக்குள் ஒதுங்கியது, ஒரு பக்கத்தை இன்ஜினே மறைக்கிறது. அதனால் துணி நுழைவது அரிது. ஆனாலும் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கும் துணிக்கு அதுவும் வழிவிடும்.

இருக்கும் ஒரு பக்கத் தடுப்பாவது நீடிக்கிறதா? அம்பத்தூர் ஓ.டி. சிக்னலில் நின்று பார்த்தால், இளைஞர்களின் வண்டிகளில் சாரி கார்டு போல்ட் மாட்டிய ஓட்டைகள் மட்டும் வெறுமையாக இருப்பதைக் காணலாம். அழகு கெடுகிறது என்று வாங்கிய வாரத்திலேயே கழற்றுகிறார்கள். பஞ்சர் ஒட்டும்போது கழற்றி, மறுபடி மாட்டாமல் விட்டவை சில. கீழே விழுந்து வளைந்து, சக்கரத்தில் உரசுகிறது என்று எடுத்துப் போட்டவை சில. 123ஆவது விதியின் பேச்செல்லாம் தயாரிப்பைப் பற்றியது. ஷோரூமை விட்டு வெளியே வந்த பிறகு தடுப்பு இருக்கிறதா என்று யார் பார்ப்பது என்பதை அது சொல்வதில்லை. சொந்த உபயோக இருசக்கர வாகனத்தின் பதிவு பதினைந்து ஆண்டுகளுக்குச் செல்லும். அதுவரை பூந்தமல்லி, அம்பத்தூர் வட்டாரப் போக்குவரத்து அலுவலகங்களுக்கு அந்த வண்டி ஆய்வுக்குப் போக வேண்டிய அவசியமே இல்லை. பதினைந்து ஆண்டும் அந்தச் சக்கரம் திறந்தே சுற்றலாம்.

சட்டத்தில் பிடி இல்லாமல் இல்லை. 128ஆவது பிரிவு கேட்கும் தகுந்த பாதுகாப்பு ஏற்பாடுகளை மீறினால் 194சி பிரிவின்படி ஆயிரம் ரூபாய் அபராதமும் மூன்று மாத உரிமத் தடையும் உண்டு. மூன்று பேர் ஏறினால் மட்டும் நினைவுக்கு வரும் பிரிவு அது. பின்னால் ஆள் உட்கார்ந்திருக்கும் வண்டியில் தடுப்பு கழற்றப்பட்டிருந்தால், அதுவும் இந்தப் பிரிவுக்குள் வரும் என்று அரசு ஓர் அறிவிப்பில் தெளிவாக்கலாம். பின்னால் இருப்பவருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்று சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை 2022 மே மாதம் தீவிரம் காட்டியபோது, பழக்கம் எவ்வளவு வேகமாக மாறியது என்பதை நாம் பார்த்தோம்.

அதுவரை வீட்டில் செய்ய ஒன்று இருக்கிறது. இன்ஜினை அணைத்து, வண்டியை ஒருவர் நேராகப் பிடித்துக்கொள்ள, வழக்கமாகப் பின்னால் உட்காருபவர் வழக்கமான உடையில் உட்காரட்டும். இன்னொருவர் பின்னால் நின்று, குனிந்து, முக்கியமாக வலப்பக்கத்தைப் பார்க்க வேண்டும். இருக்கையின் விளிம்புக்குக் கீழே எந்தத் துணி தொங்கினாலும் அது சக்கரத்துக்கு எட்டக்கூடும். முந்தானையைச் சுற்றி இடுப்பில் செருகலாம். துப்பட்டாவைக் கழுத்தில் சுற்றாமல் குறுக்கே போட்டு இடுப்பில் முடியலாம். இல்லையென்றால் பைக்குள் வைக்கலாம். துணி ஓரத்தில் கிரீஸ் கறை கண்டால், சக்கரத்தை அது ஏற்கெனவே தொட்டுவிட்டது என்று அர்த்தம். ஓடும்போது துணி சிக்கி, நல்வாய்ப்பாக வண்டி நின்றுவிட்டால், அதை இழுக்க வேண்டாம். வெட்டிவிடுங்கள், அல்லது சக்கரத்தைப் பின்னோக்கிச் சுற்றினால் துணி வெளியே வரும். கழுத்தில் வலியோ குரலில் மாற்றமோ இருந்தால், எழுப்பி உட்கார வைக்காமல் 108ஐ அழையுங்கள்.

ஆவடி மாநகரக் காவல் ஆணையரகத்துக்கு ஒரு வேண்டுகோள். ஹெல்மெட்டுக்காக நிறுத்தும் வண்டியின் பின்சக்கரத்தையும் உங்கள் காவலர்கள் ஒரு முறை பார்க்கட்டும். முதல் மாதம் அபராதம் வேண்டாம், எச்சரித்து அனுப்புங்கள். இரண்டாம் மாதம் முதல் 194சி பிரிவைக் கையில் எடுங்கள்.