எல்லாமே 'வெட்டு' அல்ல

சென்ற வாரம் ஹைதராபாத்தில், மொழிபெயர்ப்புப் பயிற்சிக்கு வந்திருந்த முதுகலை மாணவர்களிடம் நான்கு ஆங்கில வினைகளைக் கொடுத்தேன்: ஸ்நிப், ஸ்லாஷ், கார்வ், ஸ்லிட். ஒவ்வொன்றையும் ஒரு வாக்கியத்தில் வைத்துத் தமிழாக்கச் சொன்னேன். பெரும்பாலான தாள்களில் நான்கிற்கும் ஒரே விடை: வெட்டு. இலக்கணப் பிழை ஏதுமில்லை. ஆயினும் நூலைக் கத்தரித்தவளும், முகத்தில் பிளேடை வீசியவனும், மரத்தில் உருவம் செதுக்கியவரும், கடித உறையைத் திறந்தவரும் ஒரே செயலைச் செய்தவர்களாகிவிட்டனர். இதைச் சொல்வளக் குறைவு என்று கடந்து போகலாகாது என்பதே என் கருத்து. சில இடங்களில் இது சான்றையே அழித்துவிடும் பிழை.

தமிழில் இவ்வினைகளுக்குப் பஞ்சமில்லை. மூன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 'வெட்டு' என்பதன் உள்ளே ஓங்குதல் இருக்கிறது. கருவி உயரத்திலிருந்தோ தொலைவிலிருந்தோ வந்து விழுகிறது. வேலையைச் செய்வது அதன் எடையும் வேகமும். கோடரியால் மரத்தையும் மண்வெட்டியால் மண்ணையும் வெட்டுகிறோம். கூர்மை இரண்டாம்பட்சம் என்பதால்தான் கிணற்றையும் 'வெட்டுகிறோம்'. 'அறு' என்பதில் ஓங்குதல் இல்லை. விளிம்பு பொருளைத் தொட்டபடியே இழுபடுகிறது, அல்லது முன்னும் பின்னும் போய்வருகிறது. கதிரை அரிவாளால் அறுப்பதும், மரத்தை இரம்பத்தால் அறுப்பதும், கழுத்தை அறுப்பதும் இவ்வகை. முடிவில் பொருள் இரண்டாகும், அல்லது இரண்டாகும் வரை வேலை தொடரும். 'கீறு' இவ்விரண்டிலிருந்தும் விலகி நிற்கிறது. முனையோ விளிம்போ மேற்பரப்பில் ஒரு கோட்டை உண்டாக்குகிறது. பொருள் ஒன்றாகவே இருக்கிறது.

இந்த வேறுபாட்டைச் சமையலறையில் சோதித்துப் பார்க்கலாம். எண்ணெய்க் கத்தரிக்காய்க்குக் காயைக் காம்போடு நான்காகக் கீறச் சொல்வார்கள். 'நான்காக நறுக்கு' என்று சொன்னால் நான்கு துண்டுகள் கிடைக்கும். உள்ளே மசாலா அடைக்க வழியிராது. கத்தி ஒன்றுதான், கையும் ஒன்றுதான். மாறியது எங்கே நிறுத்த வேண்டும் என்னும் செய்தி, அதைச் சுமப்பது வினைச்சொல். அரிவாள்மனையில் கீரை 'அரியும்போது' வேறொரு மாற்றம்: அங்கே கருவி அசைவதில்லை, பொருளே விளிம்பை நோக்கி நகர்கிறது.

வினைக்குள் கருவியும் பொருளும் ஒளிந்திருப்பது தமிழுக்கு மட்டும் உரியதன்று. 2007இல் 'காக்னிட்டிவ் லிங்விஸ்டிக்ஸ்' இதழ் வெட்டுதல், உடைத்தல் வினைகளுக்கென ஒரு சிறப்பிதழை வெளியிட்டது. 61 சிறு காணொளிகளைக் காட்டி, 28 மொழிகளின் பேச்சாளர்கள் அவற்றை எவ்வாறு விவரிக்கிறார்கள் என்று ஒப்பிட்ட ஆய்வு அது. அதில் இந்தியையும் தமிழையும் ஒப்பிட்ட புவனா நரசிம்மன், இரு மொழி வினைகளின் எல்லைகளும் பெரும்பாலும் ஒன்றன்மேல் ஒன்று படிவதைக் காட்டினார். விலகும் இடங்களைக் கருவியின் தன்மையையும் வெட்டுப்படும் பொருளின் தன்மையையும் கொண்டு விளக்கலாம் என்பதும் அவர் முடிவு.

இப்போது சான்று பற்றிச் சொன்னதற்கு வருகிறேன். தடயவியல் மருத்துவம் கூர்க்கருவிக் காயங்களைப் பிரித்துப் பார்க்கிறது. கூரிய விளிம்பு தோலின் மேல் இழுபட்டால் உண்டாகும் காயத்தில் நீளம் ஆழத்தைவிட மிகுதி. ஓரங்கள் சீராக இருக்கும். கோடரி, கனத்த அரிவாள் போன்றவை ஓங்கி விழுந்த காயம் ஆழமாகப் போகும். ஓரங்களில் சிராய்ப்போ கன்றலோ காணலாம். அடியிலுள்ள எலும்பும் வெட்டுப்பட்டிருக்கக்கூடும். முதலாவது ஏறத்தாழத் தமிழின் அறுத்தல், கீறுதல், இரண்டாவது வெட்டுதல். மருத்துவர் காயத்தை அளந்து அறியும் வேறுபாட்டைச் சாட்சி தன் தாய்மொழி வினையிலேயே சொல்லிவிடுகிறார்.

ஒரு கற்பனை வாக்குமூலம்: "பிளேடால் என் கையில் கீறினான், தடுக்கப் போன அண்ணனை அரிவாளால் வெட்டினான்." ஆங்கிலத்தில் இரண்டிற்கும் 'கட்' என்றே எழுதி, கருவிப் பெயர்களையும் சுருக்கத்தில் விட்டுவிட்டால் என்ன ஆகும்? இரண்டு வேறு செயல்கள் ஒன்றாகின்றன. தம்பியின் கையில் ஆழமற்ற நீண்ட கோடு, அண்ணனின் தோளில் எலும்பு வரை சென்ற காயம் என மருத்துவச் சான்றிதழ் சொல்லும்போது, சாட்சி முன்னுக்குப் பின் முரணாகப் பேசியதுபோல் தோன்றும். முரண் சாட்சியிடம் இல்லை, மொழிபெயர்ப்பில் இருக்கிறது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 118ஆம் பிரிவு சுடுதல், குத்துதல், வெட்டுதலுக்கான கருவிகளை ஒரே மூச்சில் சொல்வதால் இந்த நுணுக்கம் தேவையில்லை எனச் சிலர் வாதிடலாம். ஆனால் அதே பிரிவு சாதாரணக் காயத்தையும் கொடுங்காயத்தையும் பிரித்தே தண்டிக்கிறது. தவிர, எந்தக் கருவி, எந்த விதம் என்பது சாட்சியத்தின் நம்பகத்தன்மையைச் சோதிக்கும் உரைகல்.

எதிர்த்திசையில் வரும் சிக்கல் இன்னும் நுட்பமானது. ஆங்கில 'ஸ்லாஷ்' நம் பிரிப்பில் எங்கும் அமர்வதில்லை. கை வீசுவதில் அது வெட்டுக்கு உறவு. விளிம்பு மேற்பரப்பில் இழுபட்டுச் செல்வதில் கீறலுக்கு உறவு. 'வெட்டினான்' என்றால் எலும்பு வரை போனதாகப்படும். 'கீறினான்' என்றால் வீச்சின் வன்மம் மறைந்துவிடும். 'வீசிக் கீறினான்' அல்லது 'கத்தியை வீசியதில் கிழிந்தது' என இரு வினைகளால்தான் சொல்ல முடியும். 'ஸ்லிட்' பொருளுக்கேற்ப மாறும்: காயானால் கீறு, கழுத்தானால் அறு, உறையானால் பிரி. 'கார்வ்' சிலையானால் செதுக்கு, சமைத்த இறைச்சியானால் துண்டுபோடு. நால்வரில் எளிதாக இணை கிடைப்பது 'ஸ்நிப்' ஒன்றுக்கே. கருவியின் பெயரே வினையாகவும் நிற்கும் 'கத்தரி' நம்மிடம் உண்டு.

ஓர் எச்சரிக்கையும் தேவை. வினையை மட்டும் வைத்துக் கருவியைத் தீர்மானித்துவிடக் கூடாது. கத்தரிக்கோலால் நடப்பதையும் 'முடி வெட்டுதல்' என்றே சொல்கிறோம். உளியால் பொறித்ததையும் 'கல்வெட்டு' என்கிறோம். 'வெட்டு' பொதுச்சொல்லாகவும் புழங்குவதால், அது வரும் இடத்தில் ஐயம் இருக்கவே செய்யும். 'கீறு', 'அறு', 'கத்தரி' போன்றவை அவ்வளவு எளிதில் பொதுச்சொல் ஆவதில்லை. ஆகவே அவை வரும்போது கூடுதல் எடை தரலாம். ஐயம் எழும் இடத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்றே: கருவி ஓங்கி விழுந்ததா, தொட்டபடி இழுபட்டதா? பொருள் பிரிந்ததா, ஒன்றாகவே இருந்ததா? எஞ்சியது வேண்டியதா, நீக்கியது வேண்டியதா? மூன்றாவது கேள்வியே செதுக்குவதையும் நறுக்குவதையும் பிரிக்கிறது.

ஆகவே என் முன்மொழிவு சிறியது. நம் இருமொழி அகராதிகள் இவ்வினைகளுக்கு ஒற்றைச்சொல் இணை தருவதோடு நின்றுவிடாமல், கருவி, அசைவு, விளைவு ஆகிய மூன்றையும் ஒரு வரியில் குறிக்கட்டும். வாக்குமூலங்களை மொழிபெயர்ப்போர் பொது ஆங்கில வினையை இடும்போது, மூலத் தமிழ் வினையையும் அருகிலேயே எழுதி வைக்கட்டும். களப்பணிக் குறிப்புகளில் நாமும் அவ்வாறே செய்யலாம். என் முதலாண்டுக் குறிப்பேட்டில் பதினொரு வெவ்வேறு வினைகளுக்குக் கீழே 'கட்' என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன். எந்தக் கருவி, எந்தக் கை என்று நினைவுபடுத்திக்கொள்ள இன்று எனக்கு வழியில்லை.

உங்கள் ஊரில் 'வகிர்', 'அரி', 'சீவு' ஆகியவற்றை எப்பொருளுக்கு, எக்கருவியோடு வழங்குகிறீர்கள் என்று பின்னூட்டத்தில் எழுதுங்கள். ஊர்ப்பெயரையும் தவறாமல் குறிப்பிடுங்கள்.