மேலிருந்து வந்த கடிதமும் தோழி எழுதிய கடிதமும் ஒன்றல்ல

மணவூர் பக்கத்திலிருந்து ரயிலேறிப் போய்ப் படிக்கத் தொடங்கி, பிறகு அரசு விடுதி ஒன்றில் சேர்ந்த ஒரு தங்கை எங்களுக்கு மெயில் எழுதினாள். விடுதியில் தண்ணீர் வராத நாட்களில் கழிவறையை யார் கழுவ வேண்டும் என்று எப்படி முடிவாகிறது என்பதை ஒளிக்காமல் எழுதியிருந்தாள். கடைசி வரி: "என் பேரு மட்டும் வெளிய வரக்கூடாது அண்ணா."

எங்களில் ஒருவர் அந்த மெயிலை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பெயரைக் கறுப்படித்து, மூன்று வாட்ஸ்அப் குழுக்களில் போட்டார். நோக்கம் நல்லதுதான். மறுநாள் காலை அவள் வார்டன் முன்னால் நின்றாள். அன்று மாலை அவளுடைய அப்பா எங்களை அழைத்தார். திட்டவில்லை. "உங்கள நம்பித்தானப்பா எழுதுனா" என்று மட்டும் சொன்னார்.

எப்படித் தெரிந்தது? போனில் இருக்கும் ஹைலைட்டர் தூரிகையால் பெயரை அடித்திருந்தார் எங்கள் தோழர். பார்க்கக் கறுப்பாகத்தான் இருக்கும். ஆனால் அந்த மை முழுக்க மறைப்பதில்லை. படத்தின் வெளிச்சத்தைக் கூட்டினால் அடியில் இருக்கும் எழுத்து தெரியும். பெயருக்குப் பக்கத்து வட்டத்தில் அவளுடைய முகப்புப் படமும் அப்படியே இருந்தது. அந்த இரண்டையும் சரியாக மறைத்திருந்தாலும் அவள் தப்பியிருக்க மாட்டாள். "எங்க ரூம்ல எட்டுப் பேர், ரெண்டு பேருதான் ரயில்ல ஊருக்குப் போறவங்க" என்று அவளே எழுதியிருந்தாள். வார்டனுக்கு அந்த ஒரு வரி போதும்.

இந்தத் தவறு எங்களுடையது. அதனால்தான் எழுதுகிறோம். ஏனென்றால் இன்று நம் இயக்க வெளியில் ஸ்கிரீன்ஷாட் போடுவதே போராட்டம் என்று ஆகிவிட்டது. கேட்டால், "2015இல் ஐஐடி தோழர்கள் செய்ததும் இதுதானே?" என்கிறார்கள். இல்லை தோழர்களே, இது அதுவல்ல.

2015இல் நடந்தது என்ன? சென்னை ஐஐடியில் அம்பேத்கர் பெரியார் வாசகர் வட்டம் 2014இல் தொடங்கப்பட்டது. அதன் மீது பெயரில்லாத ஒரு புகார் மத்திய மனிதவள அமைச்சகத்துக்குப் போனது. அமைச்சகம் 2015 மே மாதம் ஐஐடியிடம் விளக்கம் கேட்டது. மே 22 அன்று, சலுகைகளைத் தவறாகப் பயன்படுத்தினீர்கள் என்ற காரணத்தோடு, வாசகர் வட்டத்தின் அங்கீகாரத்தை நீக்கி மாணவர் நலத் தலைவரிடமிருந்து மெயில் வந்தது. எங்கள் தரப்பைக் கேட்கவே இல்லை என்று மாணவர்கள் அதை வெளியே சொன்னார்கள். நாடெங்கும் போராட்டம் நடந்தது. ஜூன் 7 அன்று அங்கீகாரம் திரும்பி வந்தது.

அந்த மெயிலை வெளியே வைத்தது முழு நியாயம். எழுதியவர் தன் பதவியில் உட்கார்ந்து எழுதினார். அது ஓர் ஆணை. அது தனிக்கடிதம் அல்ல. அது ரகசியமாக இருந்தால் லாபம் ஆணையிட்டவருக்கு, நட்டம் மாணவருக்கு. இப்படிப்பட்ட கடிதத்தை வெளியிட யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. தேதியோடு, வெட்டாமல், முழுதாக வெளியிடுங்கள். கீழே இருக்கும் அலுவலக உதவியாளரின் கைபேசி எண்ணை மட்டும் நீக்கிவிடுங்கள். அவர் அந்த ஆணையைப் போடவில்லை.

தங்கையின் மெயில் எதிர்த் திசையிலிருந்து வந்தது. அதிகாரம் இல்லாதவள் நம்மை நம்பி எழுதியது. அது வெளியே போனால் அடி விழுவது அவள் மேல். சேரியிலிருந்து எழுதப்படும் புகார் யார் எழுதியது என்று கண்டுபிடிக்க ஊருக்கு அதிக நேரம் ஆகாது. இரண்டு மெயிலும் ஒரே திரையில், ஒரே எழுத்துருவில் தெரிவதால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடுகிறோம். எழுதியவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் பாருங்கள்.

"சாதி சொல்லித் திட்டி மெயில் வந்தால் போடக் கூடாதா?" என்று கேட்பீர்கள். அவசரப்பட்டு அதைப் போட்டு வழக்கைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(r), 3(1)(s) பிரிவுகள் பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் இழிவுபடுத்தியிருக்க வேண்டும் என்கின்றன. 2025 ஜனவரியில் கருப்புடையார் வழக்கில், நம் தமிழ்நாட்டு அரசு அலுவலகம் ஒன்றின் நான்கு சுவருக்குள் பேசியது அப்படிப்பட்ட இடத்தில் பேசியது ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. உங்கள் ஒருவருக்கு மட்டும் வந்த மெயிலை நீங்களே ஊருக்குக் காட்டினால், "பொதுவில் வைத்தது புகார்தாரர்தான்" என்று எதிர்த்தரப்பு வக்கீல் வாதாடுவார். அந்த மெயில் வேறு யாருக்கெல்லாம் போனது என்பதை முதலில் பாருங்கள். பல பேருக்கு நகல் போயிருந்தால் அந்த முகவரி வரிசையே உங்களுக்கு முக்கியம். ஸ்கிரீன்ஷாட்டில் பெரும்பாலும் வெட்டுப்படுவதும் அதுதான்.

மெயிலை அழிக்காதீர்கள். ஜிமெயிலை கணினியில் திறந்து, மூன்று புள்ளிகளைத் தட்டி, Show original, பிறகு Download Original கொடுத்தால் மெயில் முழுதாக ஒரு கோப்பாக இறங்கும். எந்த சர்வர் வழியாக, எத்தனை மணிக்கு வந்தது என்ற விவரம் அதில் இருக்கும். படத்தில் அது இருக்காது. நீதிமன்றத்தில் மின்னணு ஆவணத்தின் நகலைக் கொடுக்கும்போது பாரதிய சாட்சிய சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி சான்றிதழும் வேண்டும். வக்கீலைப் பார்த்த பிறகு வெளியிடுவதா வேண்டாமா என்று முடிவெடுங்கள்.

தோழர் ஒருவரின் மெயிலை மேற்கோள் காட்டியே ஆக வேண்டும் என்றால் கேளுங்கள். "உங்க மெயில போடட்டுமா" என்று மொத்தமாகக் கேட்பது போதாது. எந்த வரிகள், எங்கே, யார் படிப்பார்கள் என்று சொல்லி அந்த வரிகளை அவருக்கு அனுப்புங்கள். அவர் எந்தக் கேள்விக்குப் பதிலாக அதை எழுதினார் என்பதையும் சேர்த்துப் போடுங்கள். இயக்கச் சண்டைகளில் பாதி, கேள்வியை வெட்டிவிட்டுப் பதிலை மட்டும் போட்டதால் வந்தவை. அவர் ஒரு வரியை அடித்தால் அது அடிக்கப்பட்டதுதான்.

இதை நாம் அறிவோம், ஏனென்றால் நமக்கே இது நடந்திருக்கிறது. 2016 ஜனவரி 17 அன்று ரோகித் வெமுலா விட்டுச் சென்ற கடிதத்தில் சில வரிகளை அடித்து, தானேதான் அடித்ததாகவும் எழுதியிருந்தார். அதன் பிறகும் அந்த வரிகளைத் தோண்டிப் படித்து, அவர் தோழர்களுக்கு எதிராகவே திருப்பினார்கள். அந்த வரிகள் என்ன என்பதை நாங்கள் இங்கே எழுத மாட்டோம். ஒருவர் வேண்டாம் என்று திரும்ப எடுத்துக்கொண்ட சொல்லை அவர் பெயரில் பேச யாருக்கும் உரிமையில்லை. அன்று அதைக் கண்டித்த நாம், இன்று ஒரு தங்கையின் "வெளிய வரக்கூடாது" என்ற வரியையும் சேர்த்தே படம் பிடித்துப் போட்டிருக்கிறோம்.

அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். அவள் எழுதிய பிரச்சினையை, அவள் வார்த்தை ஒன்றுகூட இல்லாமல், எங்கள் பெயரிலும் எங்கள் கையெழுத்திலும் மனுவாகக் கொடுத்திருக்கிறோம். முதல் நாளே செய்திருக்க வேண்டியது அதுதான்.

ஜெய் பீம்.