நிலமில்லாதவர்களின் அமெரிக்கப் படிப்பு

அமெரிக்காவில் முதுநிலைப் படிப்புக்கு இடம் கிடைத்தவர் அடுத்து ஏறும் படி வங்கி. ஏழரை லட்சம் ரூபாய்க்கு மேல் கல்விக் கடன் என்றால் பொதுவாகச் சொத்தைப் பிணையாகக் கேட்கிறார்கள். நிலமும் வீடும் தலைமுறைகளாக யார் கையில் இருக்கின்றன என்பது நமக்குத் தெரியும். ஆகவே கடனும் சாதி பார்த்தே கிடைக்கிறது. பிணை கேட்காத வழிகளில் ஒன்று கற்பித்தல் உதவியாளர், ஆய்வு உதவியாளர் பணிகள். அது எப்படி நடக்கிறது என்பதைத் தெளிவாகத் தெரிந்துகொள்வது அவசியம்.

இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா-ஷாம்பெய்ன் வளாகத்தை எடுத்துக்கொள்வோம். அங்கே பணியைச் சதவீதத்தில் கணக்கிடுகிறார்கள். 50 சதவீதப் பணி என்றால் வாரம் சுமார் 20 மணி நேரம், 25 சதவீதம் என்றால் 10 மணி நேரம். விடைத்தாள் திருத்துவது, சிறு வகுப்பு எடுப்பது, ஆய்வகத்தில் தரவு சேகரிப்பது போன்றவைதான் வேலை. மாதச் சம்பளம் சதவீதத்துக்கு ஏற்பக் கூடும், குறையும். ஆனால் 25 சதவீதம் இருந்தாலே கல்விக் கட்டண விலக்கு உண்டு. எனவே சிறிய பணி என்று ஒதுக்கிவிடக் கூடாது. மாணவர் விசாவில் இருப்பவர் பருவ காலத்தில் வளாகத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்ய முடியாது என்பதால், 50 சதவீதமே நமக்கு உச்சம்.

இந்த விலக்கு யாரும் போட்ட பிச்சையல்ல, செய்த வேலைக்கான கூலியின் ஒரு பகுதி. அதைப் பாதுகாக்க அந்த வளாகத்தின் மாணவர் ஊழியர் சங்கம் 2009இலும் 2018இலும் வேலைநிறுத்தம் செய்தது.

சிக்கல் மூன்று இடங்களில் வருகிறது. முதலாவது, படிப்பின் வகை. தன் செலவைத் தானே ஈட்ட வேண்டிய தொழில்முறை முதுநிலைப் படிப்புகள் அங்கே உண்டு. அவற்றில் சேர்ந்தவர்களுக்குப் பொதுவாகக் கட்டண விலக்குடன் கூடிய பணி கிடையாது. “போய்ச் சேர், அங்கே பார்த்துக்கொள்ளலாம்” என்ற ஆலோசனை இவர்களைத்தான் கடனில் தள்ளுகிறது.

இரண்டாவது, விலக்கின் அளவு. சில இடங்களில் உள்மாநில மாணவரின் கட்டணத்துக்கு நிகரான தொகை மட்டுமே தள்ளுபடியாகும். ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். பருவக் கட்டணம் வெளிநாட்டவருக்கு 15,000 டாலர், உள்மாநிலத்தவருக்கு 7,000 என்று வைத்துக்கொள்ளுங்கள். 7,000 தள்ளுபடியானால் மீதி 8,000 நம் தலையில் விழும். பருவம் முழுக்கச் சம்பளம் 10,000 டாலர் என்றால் கையில் நிற்பது 2,000. அதில் வாடகையும் சாப்பாடும் அடங்காது. முழு விலக்கு என்றால் அந்த 10,000மும் வாழ்வதற்கு மிஞ்சும். வளாகச் சேவைக் கட்டணங்கள் தனியாக வரும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

மூன்றாவது, காலம். பருவத்தில் முக்கால் பங்காவது பணியில் இருந்தால்தான் விலக்கு நிலைக்கும். இடையில் பணியை விட்டால் முழுக் கட்டண ரசீது வந்து நிற்கும்.

இந்த விவரமெல்லாம் ரகசியம் அல்ல. ஆனால் எந்தப் பேராசிரியரிடம் பணம் இருக்கிறது, எந்தத் துறையில் ஆள் தேவை என்பது பல நேரங்களில் விளம்பரமாக வருவதில்லை. சீனியர் சொல்லி ஜூனியருக்குப் போகிறது. அந்தச் சீனியர் யார் வீட்டுப் பிள்ளைக்குச் சொல்வார்? உறவும் ஊரும் கல்லூரியும் சாதியாகவே பின்னப்பட்ட சமூகத்தில், பரிந்துரை அந்தப் பின்னலிலேயே ஓடுகிறது. கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022 ஜனவரியில் சாதியைத் தன் பாகுபாட்டுத் தடைக் கொள்கையில் சேர்த்தது. அது போன்ற கொள்கை இந்தப் பணி நியமனங்களுக்கும் உறைக்க வேண்டும்.

விண்ணப்பக் கட்டணம் கட்டுவதற்கு முன்பே துறை அலுவலகத்துக்கு எழுதிக் கேளுங்கள்: இந்தப் படிப்பின் மாணவருக்குக் கட்டண விலக்குடன் கூடிய பணி உண்டா? விலக்கு முழுமையானதா? முதல் பருவத்திலேயே கிடைக்குமா, எத்தனை பருவத்துக்கு உறுதி? பதில் எழுத்தில் இருக்கட்டும். “கிடைக்கலாம்” என்று வந்தால் அதை “இல்லை” என்றே கணக்கில் எடுங்கள்.

ஏற்கெனவே அங்கே படிக்கும் தோழர்களுக்கும் ஒரு கடமை இருக்கிறது. உங்கள் துறையில் யார் ஆள் எடுக்கிறார்கள், விலக்கு எவ்வளவு, பிடித்தம் போகக் கைக்கு வருவது எவ்வளவு என்று பொதுவில் எழுதுங்கள். ஆதிக்கச் சாதிப் பிள்ளைக்குச் சித்தப்பா ஒரு போனில் சொல்லிவிடுவது, நம் பிள்ளைக்கு நீங்கள் எழுதினால்தான் தெரியவரும்.