பையின் தடிப்பைப் பார்த்து ஏமாறாதீர்கள்



பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் வந்ததும் பிள்ளைக்கு ஒரு முதுகுப் பை வாங்க வேண்டும். சான்றிதழ்கள், அடையாள அட்டை, புத்தகங்கள் எல்லாம் அதற்குள்தான் போகும். இடப்பெயர்வில் நனைந்து அழிந்த பத்திரங்களின் பிரதிக்காக நம்மில் பலர் கந்தோர் கந்தோராக அலைந்திருக்கிறோம். எனவே பையைப் பார்த்து வாங்குவது நல்லது.

கிளிநொச்சியிலிருந்து பேராதனைக்குப் போகும் மகளுக்காக ஒரு தாய் இரண்டு பைகளைப் பார்த்தார். ஒன்று தடிப்பாக, விறைப்பாக இருந்தது. மற்றது மெல்லியது, அதன் லேபலில் 600 டெனியர் பொலியெஸ்டர் என்றிருந்தது.

டெனியர் என்பது நூலின் பருமன். 9000 மீற்றர் நூல் 600 கிராம் நிறுத்தால் அது 600 டெனியர். தினமும் புத்தகம் சுமக்க இது போதும். அதே டெனியரில் நைலோன் பொலியெஸ்டரை விட உறுதியானது.

ஆனால் எண் மட்டும் போதாது. நெசவும் நெருக்கமாக இருக்க வேண்டும். அந்தத் தாய் தடித்த பையின் துணியை நகத்தால் அழுத்தித் தள்ளிப் பார்த்தார். நூல்கள் விலகின. விறைப்பு உள்ளே வைத்த பஞ்சுத் தகட்டினுடையது. இப்படி விலகும் துணி பாரம் ஏறியதும் தையலோரமாகக் கிழியும். சில மெல்லிய துணிகளில் சிறு கட்டங்கள் தெரியும். தடித்த நூலை இடையிடையே வைத்து நெய்ததால் சிறு கிழிசல் அந்தக் கட்டத்தில் நின்றுவிடும். பயணத்துக்கு இது பாரமில்லாத நல்ல துணி.

மழையைத் தடுப்பது நூலல்ல, துணியின் உட்புறப் பூச்சு. துணியில் வாயை வைத்து ஊதுங்கள்; காற்று இலகுவாகப் போனால் தண்ணீரும் போகும். பழைய பையில் பூச்சு பிசுபிசுத்தாலோ உரிந்தாலோ அது இனி மழைக்கு உதவாது. வெந்நீரில் கழுவுவதும், உட்புறத்தைத் தூரிகையால் தேய்ப்பதும் பூச்சைக் கெடுக்கும். நல்ல பூச்சிருந்தாலும் தையல் துளையாலும் சிப்பாலும் நீர் கசியும். ஆகவே பத்திரங்களைப் பொலித்தீன் உறையிலிட்டே வையுங்கள்.

துணி நன்றாக இருக்கும்போதே முதலில் கெடுவது பெரும்பாலும் சிப்தான். இழுக்கும் தலையின் பின்புறத்தில் சிலவேளை 5, 8 போன்ற எண் இருக்கும். எண் கூடினால் பல்வரிசை அகலமாகவும் உறுதியாகவும் இருக்கும். பையின் பெரிய வாய்க்கு 8 நல்லது. வளைவில் ஒரு கையால் இழுத்துப் பாருங்கள். சிக்கினால் வாங்க வேண்டாம்.

அந்தத் தாய் மெல்லிய பையையே வாங்கினார். அதன் சிப் 5 தான். அதனால் பையைத் திணித்து நிரப்ப வேண்டாம், இரு ஓரங்களையும் கையால் சேர்த்துப் பிடித்து மூடு என்று மகளுக்குச் சொல்லி அனுப்பினார். தலை கடந்த பிறகும் பற்கள் பிரிந்தே நின்றால் தலை தேய்ந்து அகன்றுவிட்டது என்று அர்த்தம். குறட்டால் அதன் இரு பக்கத்தையும் மெதுவாக நெரித்தால் சில காலம் ஓடும். பிறகு தையற்காரரிடம் தலையை மட்டும் மாற்றலாம். பையை எறிய வேண்டியதில்லை.